தப்பில்லை, ஆனால் அப்படிச் சொல்ல மாட்டோம்

மொழிபெயர்ப்பு நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் நண்பர்களுக்கு,

உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியாது, கையெழுத்துதான் தெரியும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ராத்திரி கண்விழித்துப் பார்த்து அனுப்புகிற தாள்களோடுதான் என் காலை தொடங்குகிறது. ஒற்று விட்ட இடம், ரகர றகரக் குழப்பம், ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடிந்த வாக்கியம் எதுவும் உங்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. என் மனத்தாங்கல் வேறு. தப்பான வாக்கியத்துக்கும், தப்பே இல்லாமல் காதில் இடறுகிற வாக்கியத்துக்கும் நீங்கள் ஒரே சிவப்பு மையைப் பயன்படுத்துகிறீர்கள். அல்லது முதலாவதை மட்டும் திருத்திவிட்டு இரண்டாவதைத் தொடாமல் அனுப்பிவிடுகிறீர்கள். இரண்டையும் நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

தொழிலுக்கு வந்த புதிதில், தாய் சேய் நலம் பற்றிய கணக்கெடுப்புக்கான கேள்வித்தாள் ஒன்று என்னிடம் வந்தது. ஆங்கிலத்திலிருந்து யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். நான்காவது கேள்வி இது: ‘உங்களிடம் எத்தனை குழந்தைகள் உள்ளன?’ நான் ‘உள்ளன’வை அடித்து ‘உள்ளனர்’ என்று திருத்தினேன். குழந்தையை அஃறிணையாக்கிவிட்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. மற்றபடி வாக்கியம் சுத்தமாக இருந்தது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம், வேற்றுமை உருபு, ஒற்று எல்லாம் சரி. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மாதம் ஒன்று கழித்துக் களப்பணிக்குப் போன பெண் வந்தார். கிராமத்தில் ஒரு தாயிடம் கேள்வியை அப்படியே வாசித்திருக்கிறார். அந்த அம்மா இடுப்பில் இருந்த பிள்ளையைக் காட்டி, “என்கிட்ட இது ஒண்ணுதாங்க இருக்கு” என்றிருக்கிறார். கட்டத்தில் 1 என்று எழுதியாயிற்று. பத்து நிமிடம் கழித்துப் பேச்சுவாக்கில்தான் தெரிந்ததாம், மூத்தவர்கள் இரண்டு பேர் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள் என்று. “நான் கேட்டதுக்கு அவங்க சரியாத்தான் பதில் சொன்னாங்க, சார்” என்றார் களப்பணிப் பெண். அவர் சொன்னது நியாயம்தான்.

தமிழில் ஒருவரிடம் ஒன்று ‘இருப்பதை’ இரண்டு விதமாகச் சொல்கிறோம். சாவி, பணம், பேனா போல இப்போது கைவசம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம் என்றால் ‘என்னிடம் இருக்கிறது’. பிள்ளைகள், அண்ணன் தம்பி, சொந்த வீடு, காய்ச்சல், நேரம் என்றால் ‘எனக்கு’. ‘உங்களிடம் காய்ச்சல் இருக்கிறதா?’ என்று எந்த டாக்டரும் கேட்க மாட்டார். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் போதும். மொழிபெயர்ப்பாளர் அந்த ஒரு சொல்லுக்கு ஒரே தமிழை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் போட்டுக்கொண்டு போயிருந்தார். ‘உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?’ என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அதில் ‘உள்ளன’, ‘உள்ளனர்’ என்ற சண்டைக்கே இடமில்லை. நான் திருத்திய சொல் அந்த வாக்கியத்தில் இருந்திருக்கவே வேண்டாம்.

இதே வாக்கியத்தை அங்கன்வாடி ஆயாவிடம் கேட்டுப் பாருங்கள். ‘உங்களிடம் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள்?’ ஒரு குறையும் இல்லாத, இயல்பான தமிழ். டியூஷன் எடுக்கிற அக்காவிடம் கேட்டாலும் அப்படியே. ஆக, அந்த வாக்கியத்துக்குள் எந்தக் கோளாறும் இல்லை. தாயிடம் கேட்கக் கூடாத வாக்கியம் அது, அவ்வளவுதான்.

இப்போது இதைப் பாருங்கள்: ‘எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கிறேன்.’ தமிழ் புதிதாகப் படிக்கிற ஒருவர் இப்படிச் சொல்லக்கூடும். இதை எந்த வீட்டில், எந்த ஊரில், யாரிடம் சொன்னால் சரியாகும்? எங்கும் ஆகாது. ‘எனக்கு’ என்று தொடங்கினால் ‘பிடிக்கும்’ தன்மை விகுதி ஏற்காது. நாலு வயதுப் பிள்ளைகூடச் சிரிக்கும். நான் வைத்துக்கொண்டிருக்கும் முதல் வேறுபாடு இதுதான். பிழையான வாக்கியத்துக்கு எந்தச் சூழலைக் கொடுத்தாலும் அது பிழைக்காது. இயல்பற்ற வாக்கியத்துக்குப் பெரும்பாலும் எங்கோ ஒரு பொருத்தமான சூழல் உண்டு, நம் பக்கத்தில் இருப்பது அந்தச் சூழல் அல்ல.

இன்னொரு சோதனையும் உண்டு. பக்கத்தில் இருக்கும் மூன்று பேரிடம் வாக்கியத்தைக் கொடுங்கள். பிழை என்றால் மூவரும் ஒரே இடத்தில் விரலை வைப்பார்கள், ஒரே திருத்தத்தைச் சொல்வார்கள். இயல்பின்மை என்றால் முகத்தைச் சுளிப்பார்கள், “தப்பில்ல, ஆனா அப்படிச் சொல்ல மாட்டோம்” என்பார்கள். எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று வாக்கியம் சொல்வார்கள், அவற்றில் மூல வாக்கியத்தின் ஒரு சொல்கூட மிச்சமில்லாமல் போகலாம். விரல் வைக்க இடமில்லாத குறையை எழுத்துக்கு எழுத்து பார்க்கும் கண் பிடிக்காது. நான் ‘உள்ளன’வில் மாட்டிக்கொண்டதும் அதனால்தான். கண்ணுக்கு ஒரு பிழை கிடைத்ததும் வேலை முடிந்த திருப்தி வந்துவிட்டது.

நீங்கள் தினமும் தாண்டிப் போகிற ஓர் இடத்தைச் சொல்கிறேன். இரண்டாம் வேற்றுமை உருபு, ‘ஐ’. மொழிபெயர்ப்புத் தமிழின் பாதி இடறல் இந்த ஓரெழுத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ‘முருகன் பார்த்தேன்’ என்றால் பிழை. முருகனைத்தான் பார்க்க முடியும். குறிப்பிட்ட ஆள் செயப்படுபொருளாக வந்தால் ‘ஐ’ கட்டாயம். அதை விட்டால் நீங்கள் சிவப்பில் போடுவீர்கள், சரி. ஆனால் உயிரில்லாத பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘தோசை சாப்பிட்டேன்’, ‘தோசையைச் சாப்பிட்டேன்’ இரண்டும் இலக்கணத்துக்கு உட்பட்டவை. இலக்கணம் இரண்டையும் விட்டுவிடுகிறது என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அம்மா போனில் கேட்கிறார். ‘தோசை சாப்பிட்டேன்.’ இங்கே ‘தோசையைச் சாப்பிட்டேன்’ என்று சொன்னால், “எந்தத் தோசையை?” என்றுதான் அம்மாவுக்குத் தோன்றும். இரவு தம்பி கேட்கிறான்: மூடி வைத்திருந்த தோசை எங்கே? ‘தோசையை நான் சாப்பிட்டுட்டேன்.’ இங்கே ‘ஐ’ வந்தே ஆக வேண்டும்போல இருக்கிறது, ஏனென்றால் எந்தத் தோசை என்று இருவருக்கும் தெரியும். ஆள் விஷயத்திலும் இதே கதைதான். ‘பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள்’ என்றால் சம்பந்தம் பேசப் போயிருக்கிறார்கள், ‘பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்’ என்றால் ஏற்கெனவே தெரிந்த ஒரு பெண்ணைப் பார்க்கவோ, கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கவோ போயிருக்கிறார்கள். ஓர் எழுத்து கல்யாணத்தையே மாற்றிவிடுகிறது.

மொழிபெயர்ப்புப் பிரதியில் நடப்பது என்ன? செயப்படுபொருள் என்று கண்ட இடத்திலெல்லாம் ‘ஐ’ ஒட்டிவிடுகிறார்கள். ‘அவள் ஜன்னலருகே அமர்ந்து ஒரு தேநீரைக் குடித்தாள்.’ ‘தினமும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் குடியுங்கள்.’ ‘அவர் கடந்த ஆண்டு ஒரு காரை வாங்கினார்.’ ஒற்றெல்லாம் கச்சிதமாக விழுந்திருக்கும், அதனால் உங்கள் பேனா தயங்காமல் கடந்து போகிறது. ஆனால் எந்தத் தேநீர், எந்தத் தண்ணீர், எந்தக் கார் என்று வாசகரின் மனசு ஒரு நொடி நின்று தேடுகிறது. முந்நூறு பக்க நாவலில் இப்படி ஆயிரம் தடவை நின்று தேடிய வாசகர் கடைசியில், ‘கதை நல்லாத்தான் இருக்கு, மொழிபெயர்ப்பு கொஞ்சம் கடினம்’ என்பார். எங்கே கடினம் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதிலிருந்துதான் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சந்தேகமான வாக்கியம் வந்தால், இது எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேட்டுக்கொள்வேன். கதையின் அந்த இடத்தில் வாசகர் மனசில் ஓடுகிற கேள்வி ‘அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?’ என்றால் பதில் ‘ஜன்னலருகே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்’. ‘அந்தத் தேநீர் என்ன ஆயிற்று?’ என்றால் ‘தேநீரைக் குடித்துவிட்டாள்’. சொல்வரிசைக்கும் இதுதான் அளவுகோல். கதவை யார் திறந்தது என்பது கேள்வியானால் ‘கதவை ராமு திறந்தான்’ என்று பெயர் வினைக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். ராமு என்ன செய்தான் என்றால் ‘ராமு கதவைத் திறந்தான்’. தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது அரை உண்மைதான்.

இது ஏதோ இறக்குமதிச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் வழு ஏழு என்று கணக்கிடுகிறார்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. முதல் நான்கும் நாம் சிவப்பில் போடுகிறவைதான். ‘நேற்று வருவேன்’ என்பது கால வழு. ஆனால் ஐந்தாவதையும் ஆறாவதையும் கவனியுங்கள். ஊருக்கு வழி கேட்டவனிடம் தன் மாட்டைப் பற்றிச் சொன்னால், சொன்ன வாக்கியம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அது விடை வழு. அதாவது வாக்கியத்தைத் தனியே எடுத்து எடை போடாமல், கேட்ட கேள்வியோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். என் கேள்வித்தாள் கதையில் கோளாறு இருந்தது வினாவில். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் புத்தகத்தில் அதற்குத் தலைப்பே இருந்திருக்கிறது, எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

ஏழாவதான மரபு இன்னும் தந்திரமானது. நான் மேலே ‘பெரும்பாலும்’ என்று ஒரு சொல்லைச் செருகினேனே, அது இதற்காகத்தான். சில இயல்பின்மைகளுக்குச் சூழல் தேடிக் கொடுத்தாலும் பயனில்லை. ‘பத்து ரூபாய்கள் கொடுத்தேன்’, ‘ஐந்து கிலோக்கள் அரிசி’ இரண்டிலும் விதிப்படி பன்மை விகுதி சரிதான். ஆனால் கடைத்தெருவில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. காரணம் கேட்டால், அப்படிச் சொல்வதில்லை என்பதுதான் காரணம். மரபு என்றால் அதுதானே. இலக்கணிகள் இதையும் வழு என்றே எழுதிவிட்டார்கள். யானைக்குக் கன்று, ஆட்டுக்கு மறி என்று பிள்ளைப்பெயர்களுக்கே வரையறை வைத்தார்கள். இன்றைக்கோ தெருவில் எல்லாரும் ‘குட்டி யானை’ என்கிறார்கள், சரக்கு வண்டிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘யானைக்கன்று’ என்று ஒரு பாட்டி கதை சொல்வதுபோல எழுதினால் அதுதான் இப்போது இடறும். மரபு வழு என்பது காலத்தோடு இடம் மாறும். ‘எனக்குப் பிடிக்கிறேன்’ போன்ற பிழை அவ்வளவு எளிதில் இடம் மாறாது.

மொழியியலாளர்கள் இந்த வேறுபாட்டுக்குத் தனித்தனிக் குறி வைத்திருக்கிறார்கள். பிழையான வாக்கியத்தின் முன்னால் உடுக்குறி, தயக்கம் தருவதன் முன்னால் கேள்விக்குறி, வாக்கியம் சரி ஆனால் பொருளோ சூழலோ இடிக்கிறது என்றால் # என்ற குறி. 1957இல் நோம் சாம்ஸ்கி, பொருளே இல்லாத வாக்கியம்கூட இலக்கணத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம் என்று காட்டினார். 1965இல் வந்த நூலில், இலக்கணத்துக்கு உட்பட்டிருப்பதும் கேட்பவருக்கு ஏற்புடையதாக இருப்பதும் வேறு வேறு என்று பிரித்தார். அவர்கள் கோட்டை ஓரிடத்தில் போடுகிறார்கள், பவணந்தியார் வேறிடத்தில் போடுகிறார். நமக்கு இரண்டும் தேவை. ஆனால் மெய்ப்புத் தாளில் நட்சத்திரம் போடச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

நான் பயப்படுவது எதிர்த்திசையில் நடக்கிற தவறுக்கு. இயல்பின்மை என்று ஒன்று இருப்பது தெரிந்த மாத்திரத்தில், தன் காதுக்குப் பழகாத எல்லாவற்றையும் திருத்தத் தொடங்குகிறவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்துக் கதை ஒன்றில் ‘உங்களோடை ஒரு விஷயம் கதைக்கோணும்’ என்று ஒரு கிழவர் சொல்கிறார். ஒரு நண்பர் அதை அடித்து, ‘பேச வேண்டும்’ என்று போட்டிருந்தார். அங்கே ‘கதை’ என்பதுதான் பேச்சுக்குச் சொல். திருத்தியபின் அந்தக் கிழவர் சென்னை வானொலியில் செய்தி வாசிப்பவரைப்போல ஆகிவிட்டார். இன்னொரு பிரதியில், ‘மாடு ரெண்டும் வந்துச்சா?’ என்ற உரையாடலில் ‘வந்தனவா’ என்று பன்மை ஏற்றியிருந்தார்கள். எழுத்துத் தமிழின் கணக்கில் ‘மாடுகள் வந்தது’ பிழைதான். ஆனால் தொழுவத்தில் நின்று ‘வந்தனவா’ என்று கேட்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. இங்கே பிழை என்று சொல்லப்படுவது இயல்பாக இருக்கிறது, திருத்தம் இயல்பற்றதாக ஆகிவிடுகிறது. யாருடைய காதுக்கு இயல்பு என்று கேட்காமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

நம் காதும் நம்பத்தக்கதல்ல. இடறுகிற ஒரு வாக்கியத்தைப் பத்து முறை வாசியுங்கள், பதினோராவது முறை அது நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். ஒரு பிரதியின் ஐம்பதாவது பக்கத்துக்கு மேல் மொழிபெயர்ப்பாளரின் தமிழே நம் தமிழாகிவிடுகிறது. ‘தயவுசெய்து உட்காருங்கள்’ என்பதில் கெஞ்சல் தொனி இருப்பது முதல் பக்கத்தில் உறுத்தும், இருநூறாவது பக்கத்தில் உறுத்தாது. அதனால் இயல்பின்மையை முதல் வாசிப்பிலேயே குறித்துவிட வேண்டும், பிழையை இரண்டாம் வாசிப்பில் பார்த்துக்கொள்ளலாம். நாம் வழக்கமாகச் செய்வது தலைகீழ். மூலத்தை முதலில் வாசிக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆங்கில வாக்கியம் கண்ணில் பட்டுவிட்டால் தமிழ் வாக்கியம் தேவைக்கு மேல் புரிந்துவிடும்.

இனி உங்களிடம் நான் கேட்பது இதுதான். பிழையைச் சிவப்பில் நீங்களே திருத்துங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம். இயல்பின்மைக்குச் சிவப்பு வேண்டாம். பென்சிலில் அடிக்கோடிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அந்த வாக்கியம் எந்தக் கேள்விக்குப் பதில்போலத் தொனிக்கிறது என்று இரண்டு சொல்லில் எழுதுங்கள். ‘ஒரு தேநீரைக் குடித்தாள்’ பக்கத்தில் ‘எந்தத் தேநீர்?’ என்று எழுதினால் போதும், மொழிபெயர்ப்பாளர் தானே பார்த்துக்கொள்வார். முழு வாக்கியத்தையும் நீங்களே மாற்றி எழுதிவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் குரல் மாறும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே இடற வைத்த இடமும் இருக்கலாம்.

அடுத்த பிரதியைத் தபாலில் சேர்த்திருக்கிறேன். பதினான்காம் பக்கத்தில் ‘மழை பெய்வதை நிறுத்தியது’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. ‘மழை விட்டது’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன். முந்தின பத்தியில் அந்தச் சிறுவன் மழையோடு பேசிக்கொண்டிருக்கிறான், போதும் நிறுத்து என்று அதட்டுகிறான். அது மழை தானாக விட்டதா, அவன் சொல்லி நிறுத்தியதா? பென்சிலில் குறி போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தாள்களுக்குக் காத்திருக்கும் பதிப்பாசிரியன்